உள்ளே போக ஒன்று, பணம் போக ஒன்று

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியின் ஓர் அமர்வில், புதுச்சேரியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சம்பளம் வங்கிக் கணக்கில் வந்து சேர்வது நமக்கெல்லாம் பழகிவிட்டது. அந்தக் கணக்கை வீட்டிலிருந்தே இணைய வங்கி வழியாகப் பார்ப்பதும், பிள்ளைகளின் கட்டணத்தையோ வீட்டுக்கடன் தவணையையோ அனுப்புவதும் நம்மில் பலருக்கு மாதாந்தர வேலை. இந்த வேலையில் நம் ஆசிரியர் அறைகளில் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "சார், என் அக்கவுண்ட் லாக் ஆயிடுச்சு." சொல்பவரிடம் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டுப் பார்த்தால், பெரும்பாலும் கணக்கு பூட்டப்பட்டே இருக்காது. இரண்டு கடவுச்சொற்களில் ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று போயிருக்கும். இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். எதற்காக இரண்டு கடவுச்சொற்கள், இடம் மாறினால் என்ன நடக்கிறது, எது பூட்டியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது, இவ்வளவுதான்.

முதலில் கணினியை மறந்துவிட்டு, வங்கிக் கிளையை நினைத்துக்கொள்ளுங்கள். பாஸ்புக்கைக் கொடுத்தால் வரவு செலவைப் பதிந்து தருவார்கள். அதற்குப் பாஸ்புக் இருந்தால் போதும், கையெழுத்து கேட்பதில்லை. பணம் எடுக்க வேண்டுமென்றால் காசோலையிலோ பணம் எடுக்கும் படிவத்திலோ கையெழுத்துப் போட வேண்டும். அந்தக் கையெழுத்தை, நாம் கணக்குத் தொடங்கிய நாளில் கொடுத்த மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் பணம் வரும். கணக்கைப் பார்ப்பது ஒரு உரிமை, பணத்தை நகர்த்துவது வேறொரு உரிமை. இரண்டுக்கும் வேறு வேறு அத்தாட்சிகள்.

இணைய வங்கியில் இந்தப் பிரிவினை அப்படியே வந்திருக்கிறது. உள்நுழைவுக் கடவுச்சொல் பாஸ்புக்கின் வேலையைச் செய்கிறது. அதைக் கொடுத்தால் இருப்புத் தெரியும், ஆறு மாதப் பட்டியலைப் பார்க்கலாம். இரண்டாவது கடவுச்சொல் கையெழுத்தின் வேலையைச் செய்கிறது. பணம் வெளியே போகும் போதும், பணம் போவதற்கு வழி அமைக்கும் போதும் அதைக் கேட்கிறார்கள்.

இந்த இரண்டாவதற்கு வங்கிக்கு வங்கி வேறு வேறு பெயர். பல பொதுத்துறை வங்கிகளில் அது பரிவர்த்தனைக் கடவுச்சொல், திரையில் Transaction Password என்று இருக்கும். பாரத ஸ்டேட் வங்கியில் அதற்கு Profile Password என்று பெயர். அங்கே புதிய பயனாளியைச் சேர்க்கவும், நம் சொந்த விவரங்கள் உள்ள பகுதிக்குள் போகவும் அதைக் கேட்பார்கள். பெயர் வேறாக இருப்பதே குழப்பத்தின் முதல் காரணம். ஒரு வங்கியில் பழகியவர் இன்னொரு வங்கியில் கணக்குத் தொடங்கும்போது, அங்கே எந்தப் பெட்டி எதைக் கேட்கிறது என்று தெரியாமல் தடுமாறுகிறார்.

இரண்டாவது காரணம் பழக்கம். உள்நுழைவுக் கடவுச்சொல்லை வாரத்துக்கு ஒரு தடவையாவது போடுகிறோம், அதனால் விரல்களுக்கே அது மனப்பாடம். இரண்டாவதையோ எப்போதாவதுதான் கேட்கிறார்கள். புதிய பயனாளி ஒருவரைச் சேர்ப்பது ஒரு வருடத்தில் எத்தனை தடவை நடக்கும்? அதனால் அந்தப் பெட்டி வந்து நிற்கும்போது, யோசிக்காமல் விரல்கள் பழகிய சொல்லையே அடித்துவிடுகின்றன.

இனி, தவறாக அடித்தால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். வங்கியின் கணினி ஒவ்வொரு கடவுச்சொல்லுக்கும் ஓர் எண்ணிக்கை வைத்திருக்கிறது. தவறாக அடித்தால் எண்ணிக்கை ஒன்று கூடும். சரியாக அடித்தால் பொதுவாகச் சுழியத்துக்குத் திரும்பும். வங்கி வைத்துள்ள வரம்பை எட்டினால் அந்தக் கடவுச்சொல் முடக்கப்படும். வரம்பு வங்கிக்கு வங்கி மாறும். மூன்று தடவை என்பது பரவலாகக் காணப்படுவது. முடக்கம் எவ்வளவு நேரம் என்பதும் மாறும். சில வங்கிகளில் அன்றைய நாள் முடிந்ததும் தானாக நீங்கும், சிலவற்றில் நாமே புதிய கடவுச்சொல் அமைக்கும் வரை நீங்காது. எதற்காக இந்த எண்ணிக்கை? வேறு யாரோ உங்கள் பயனர் பெயரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகப் போட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடாமல் இருக்கத்தான். நாம் தடுமாறுகிறோமா, திருடன் முயல்கிறானா என்று அந்தக் கணினிக்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகவே நடத்துகிறது.

இதில் நம்மவர்கள் கவனிக்காத செய்தி ஒன்று இருக்கிறது. இரண்டு கடவுச்சொற்களுக்கும் இரண்டு தனித்தனி எண்ணிக்கைகள். உள்நுழைவில் தவறினால் உள்நுழைவு முடங்கும். பரிவர்த்தனைப் பெட்டியில் தவறினால் பரிவர்த்தனை மட்டும் முடங்கும். அப்போதும் நீங்கள் உள்ளே போகலாம், இருப்பைப் பார்க்கலாம். கையெழுத்து மாறியதென்று காசோலை திரும்பினால் கணக்கையா மூடிவிடுகிறார்கள்? சம்பளம் வழக்கம்போல் வரும், தவணை வழக்கம்போல் பிடிக்கப்படும். இங்கேயும் அதேதான். இந்த இரண்டு முடக்கங்களில் எதுவும் கணக்கையே முடக்குவது அல்ல. ஏடிஎம் அட்டைக்கு அதன் சொந்தப் பின் எண், யுபிஐக்கு அதன் சொந்தப் பின் எண். அவை வேறு வாசல்கள்.

சரி, எது தவறு என்று திரையிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். உள்நுழைவுத் திரையில் வரும் செய்தி பொதுவாக, 'பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு' என்ற பொருளில்தான் இருக்கும். 'பயனர் பெயர் சரி, கடவுச்சொல்தான் தவறு' என்று ஒருபோதும் சொல்லாது. அப்படிச் சொன்னால், திருடனுக்குப் பாதி விடை கிடைத்துவிடும். 'நீங்கள் இங்கே பரிவர்த்தனைக் கடவுச்சொல்லைப் போட்டிருக்கிறீர்கள்' என்றும் சொல்லாது. அப்படிச் சொன்னால் மீதிப் பாதியும் கிடைத்துவிடும். ஆகவே செய்தி மங்கலாக இருப்பது வேண்டுமென்றே. அதன் விலையைத்தான் நாம் கொடுக்கிறோம்.

இப்போது ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். நண்பர் ஒருவர் கணித ஆசிரியர். அவருடைய வங்கிக் கிளை புதுச்சேரி நகரில் இருக்கிறது, பணியிட மாறுதலில் அவர் ஏனாமில் இருக்கிறார். நம் ஒன்றியப் பிரதேசத்தின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். காரைக்கால் என்றால் ஒரே நாளில் போய் வந்துவிடலாம். மாஹே கேரளக் கரையில், ஏனாம் ஆந்திரத்தில் கோதாவரிக் கரையில். 'கிளைக்கு நேரில் வாருங்கள்' என்ற ஒரு வரி அங்கே இருப்பவருக்கு எவ்வளவு பெரிய வரி என்று யோசித்துப் பாருங்கள். மகளுக்கு விடுதிக் கட்டணம் 24,000 ரூபாய் கட்ட வேண்டும், மறுநாள் கடைசி நாள். இரவு எட்டு மணிக்கு மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தார்.

உள்நுழைந்தார், இருப்பைப் பார்த்தார். விடுதியின் கணக்கைப் புதிய பயனாளியாகச் சேர்க்கப் போனார். பெயர், கணக்கு எண் இரண்டு தடவை, பதினோரு எழுத்து கொண்ட ஐஎஃப்எஸ்சி குறியீடு எல்லாம் நிரப்பியதும் இரண்டாவது கடவுச்சொல்லைக் கேட்கும் பெட்டி வந்தது. அவர் ஒன்றும் அடிக்கவில்லை, பெட்டியில் ஏற்கெனவே கறுப்புப் புள்ளிகள் நிரம்பியிருந்தன. சரிதான் என்று அழுத்தினார். தவறு என்று வந்தது.

அந்தப் புள்ளிகளை அங்கே வைத்தது பிரவுசர். முன்பு எப்போதோ உள்நுழையும்போது 'கடவுச்சொல்லைச் சேமிக்கவா?' என்று அது கேட்டிருக்கும், இவரும் சரி என்றிருப்பார். பிரவுசருக்கு வங்கியின் இரண்டு பெட்டிகளுக்கும் வேறுபாடு தெரியாது. ஒரே தளம், அதில் ஒரு கடவுச்சொல் பெட்டி, தன்னிடம் சேமித்த ஒரு சொல். கொண்டுபோய் நிரப்பிவிட்டது. அது உள்நுழைவுச் சொல். புள்ளிகள் என்பதால் எந்தச் சொல் என்று அவருக்குத் தெரியவில்லை.

இரண்டாவது தடவை, தான் முன்பு வைத்திருந்த ஏதோ ஒரு சொல் என்று நினைத்துக் கையால் அடித்தார். அதுவும் தவறு. அந்த நேரத்தில் திரையின் மூலையில் பிரவுசர் ஒரு சிறு கட்டத்தைக் காட்டி, சேமித்த கடவுச்சொல்லை மாற்றவா என்று கேட்டது. அவசரத்தில் அதற்கும் சரி என்றார். மூன்றாவது தடவை இன்னொரு சொல். இரண்டாவது கடவுச்சொல் முடக்கப்பட்டது என்று செய்தி வந்தது.

பதற்றத்தில் வெளியேறி, திரும்ப உள்நுழைந்து பார்க்கலாம் என்று போனார். இப்போது உள்நுழைவுப் பெட்டியில் பிரவுசர் நிரப்பியது எது? சற்று முன் மாற்றச் சொன்ன அந்தத் தவறான சொல். அழுத்தினார், தவறு. மறுபடி அழுத்தினார், தவறு. பதினைந்து நிமிடத்துக்கு முன்னால் திறந்த கதவு இப்போது திறக்கவில்லை. மொத்தமும் பூட்டிவிட்டார்கள் என்ற முடிவோடுதான் எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், இன்னிக்கு நைட்டு உள்ள போய் பேலன்ஸ் பாத்தீங்களா?" என்று கேட்டேன். "பாத்தேன் சார்" என்றார். "முடக்கம்னு வந்தது எந்தத் திரையில?" "பயனாளியைச் சேக்கற திரையில." "லாகின்ல முடக்கம்னு வந்துச்சா, தப்புன்னு வந்துச்சா?" கொஞ்சம் யோசித்து, "தப்புன்னுதான் வந்துச்சு" என்றார். விடை அந்த மூன்று பதில்களிலேயே இருந்தது. முடங்கியது இரண்டாவது கடவுச்சொல் மட்டும். உள்நுழைவு முடங்கவில்லை, இரண்டு தடவை தவறியிருக்கிறது. மூன்றாவதும் தவறினால் அதுவும் முடங்கக்கூடும்.

அடுத்து அவர் செய்தது இதுதான். உள்நுழைவுப் பெட்டியில் பிரவுசர் வைத்த புள்ளிகளை முழுவதும் அழித்தார். தன் உள்நுழைவுச் சொல்லை ஒவ்வொரு எழுத்தாகக் கையால் அடித்தார். கதவு திறந்தது. இருப்பு அப்படியே இருந்தது. கட்டணத்தை அன்றிரவே தன் கைபேசியில் ஏற்கெனவே பயன்படுத்திவந்த யுபிஐ செயலி வழியாக, விடுதியின் கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் கொடுத்து அனுப்பினார். யுபிஐயின் பின் எண்ணுக்கும் முடங்கிய கடவுச்சொல்லுக்கும் தொடர்பில்லை, வழக்கமான பணம் அனுப்புதலுக்கு அதன் ஒருநாள் வரம்பு பொதுவாக ஒரு லட்சம் ரூபாய். கணக்கு பூட்டப்பட்டிருந்தால் இது நடந்திருக்காது. இரண்டாவது கடவுச்சொல்லை மறுநாள் காலையில் நிதானமாக, டெபிட் அட்டை விவரமும் ஓடிபியும் கொடுத்துப் புதிதாக அமைத்துக்கொண்டார். ஏனாமிலிருந்து புறப்பட வேண்டிய தேவை வரவில்லை.

இந்த நிகழ்ச்சியில் பிரவுசரின் பங்கைக் கவனியுங்கள். வங்கித் தளத்துக்கு மட்டுமாவது கடவுச்சொல்லைச் சேமிக்க வேண்டாம் என்று பிரவுசரிடம் சொல்லிவிடுவது நல்லது. முன்பே சேமித்திருந்தால், பிரவுசரின் அமைப்புகளில் சேமித்த கடவுச்சொற்களின் பட்டியல் இருக்கும். அதில் வங்கியின் பெயரைத் தேடி நீக்கிவிடலாம். இதனால் வங்கியில் உள்ள கடவுச்சொல் எதுவும் மாறாது, பிரவுசரின் நினைவிலிருந்து மட்டும் போகும். பள்ளியின் பொதுக் கணினியில் வங்கித் தளத்தைத் திறக்கவே கூடாது என்பதை நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

தமிழ் தட்டச்சு செய்யும் நமக்கென்றே இன்னொரு சிக்கலும் உண்டு. வினாத்தாள் அடிக்க என்எச்எம் ரைட்டரையோ இ-கலப்பையையோ, விண்டோசின் தமிழ்99 விசைப்பலகையையோ இயக்கியிருப்போம். அதை நிறுத்த மறந்து வங்கித் தளத்துக்குப் போனால், நாம் ஆங்கில எழுத்து என்று நினைத்து அடிப்பது தமிழ் எழுத்தாக உள்ளே போகக்கூடும். திரையில் புள்ளிதான் தெரியும், எழுத்து தெரியாது. சொல் சரி, விரல் சரி, ஆனாலும் தவறு என்று வரும். பெரிய எழுத்துக்கான Caps Lock இயங்கிக்கொண்டிருந்தாலும் இதே கதைதான், ஏனென்றால் கடவுச்சொல்லில் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, பயனர் பெயர்ப் பெட்டியில் இரண்டு எழுத்து அடித்துப் பார்ப்பது. அங்கே எழுத்து கண்ணுக்குத் தெரியும். சரிபார்த்த பின் அழித்துவிட்டுத் தொடரலாம். கடவுச்சொல்லையே அங்கே அடித்துப் பார்க்க வேண்டாம்.

இனி, தவறு என்று வந்ததும் செய்ய வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். முதல் தவறுக்குப் பிறகு கையை எடுத்துவிடுங்கள். எந்தத் திரையில் நிற்கிறோம் என்று பாருங்கள். பயனர் பெயரும் கேட்கும் திரையென்றால் அது உள்நுழைவு. ஏற்கெனவே உள்ளே இருக்கும்போது தனியாகக் கேட்டால் அது இரண்டாவது. புள்ளிகளை அழித்து, விசைப்பலகையின் மொழியைச் சரிபார்த்து, கையால் ஒரு தடவை அடியுங்கள். அதுவும் தவறினால் மூன்றாவதை ஊகித்து அடிக்க வேண்டாம். வரம்பை எட்டாமல் நிறுத்திவிட்டு, மறந்தவர்களுக்கான வழியில் போவதே மேல். முடங்கிய பிறகு மீண்டு வருவதைவிட, முடங்கும் முன் மாற்றுவது எளிது.

மாற்றும்போது எதை மாற்றுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். உள்நுழைவுத் திரையில் இருக்கும் 'கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்' என்ற இணைப்பு பல வங்கிகளில் உள்நுழைவுச் சொல்லை மட்டுமே மாற்றும். பாரத ஸ்டேட் வங்கியில் அதன் பெயரே Forgot Login Password என்றுதான் இருக்கும். இரண்டாவது முடங்கியிருக்கும்போது இதை அழுத்தினால் என்ன ஆகும்? உள்நுழைவுச் சொல் புதிதாகிவிடும், இரண்டாவது முடங்கியபடியே இருக்கும். மாற்றியும் வேலை செய்யவில்லையே என்று குழம்புவோம். அது மட்டுமல்ல, இதுவரை நன்றாக நினைவிருந்த சொல்லையும் இழந்திருப்போம். இரண்டாவதை மாற்றும் வழி பெரும்பாலும் உள்நுழைந்த பிறகு, சொந்த விவரங்கள் அல்லது பாதுகாப்பு என்ற பகுதியில் இருக்கும்.

அங்கே வங்கி என்ன அத்தாட்சி கேட்கிறது என்பதையும் முன்கூட்டியே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சில வங்கிகள் டெபிட் அட்டை விவரமும், பதிவு செய்த கைபேசிக்கு வரும் ஓடிபியும் கேட்கும். பாரத ஸ்டேட் வங்கியில் முதலில் பதிவு செய்யும்போதே ஒரு குறிப்புக் கேள்வியும் விடையும் அமைத்திருப்போம். இரண்டாவது கடவுச்சொல் மறந்தால் அந்த விடையைக் கேட்பார்கள். பல வருடங்களுக்கு முன் ஏதோ ஒரு கேள்விக்கு விளையாட்டாகக் கொடுத்த விடை இன்று நினைவிருக்காது. விடையும் நினைவில்லை என்றால் கிளைக்குப் போகும் நிலை வரலாம். மாறுதலில் வெளியூர் போகிறவர்கள் புறப்படும் முன் சரிபார்க்க வேண்டியவை மூன்று: பதிவு செய்த கைபேசி எண் இன்னும் இயக்கத்தில் இருக்கிறதா, டெபிட் அட்டை காலாவதியாகவில்லையா, குறிப்புக் கேள்வியின் விடை தெரியுமா. இந்த மூன்றும் கையில் இருந்தால் மாஹேயிலிருந்தும் சரிசெய்யலாம்.

புதிதாக அமைக்கும்போது இரண்டும் ஒரே சொல்லாக இருந்தால் குழப்பமே வராதே என்று சிலர் கேட்கிறார்கள். பல வங்கித் தளங்கள் அதை ஏற்பதில்லை. ஏற்றாலும் செய்யக் கூடாது. ஒருவர் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்று உள்நுழைவுச் சொல்லைப் பார்த்துவிட்டால், இப்போது அவரால் இருப்பைத்தான் பார்க்க முடியும். இரண்டும் ஒன்றென்றால் கையெழுத்தையும் அவரிடம் கொடுத்ததாகிவிடும். கடைசியில் ஓர் எண்ணை மட்டும் மாற்றி இரண்டு சொற்கள் வைத்துக்கொள்வதும் கூடாது, இடம் மாறுவதற்கு அதைவிட வசதி வேறில்லை. இரண்டும் தொடக்க எழுத்திலேயே வேறுபட்டால் கை தானாகவே நின்று யோசிக்கும்.

இன்னொரு கேள்வியும் வரும். இரண்டு கடவுச்சொல் இருக்கும்போது ஓடிபி எதற்கு? இரண்டு கடவுச்சொற்களும் ஒரே வகை. இரண்டுமே நமக்குத் தெரிந்த ரகசியங்கள். ஒன்றை ஏமாற்றி வாங்குகிறவன் அதே மூச்சில் மற்றதையும் வாங்கிவிட முடியும். ஓடிபி வேறு வகை. அது நம் கையில் இருக்கும் ஒரு பொருளை, அதாவது கைபேசி எண்ணைச் சார்ந்தது. இந்திய ரிசர்வ் வங்கி இணைய வங்கிக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது 2001 ஜூனில். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 குறிப்பிட்டுச் சொன்ன அத்தாட்சி முறை எண்மக் கையொப்பம்தான் என்பதால், கடவுச்சொல் போன்ற பிற முறைகளைப் பயன்படுத்துவதில் வங்கிக்குச் சட்ட இடர் உண்டு என்று அந்த நெறிமுறைகளே எச்சரித்தன. அதன் பிறகு ஒவ்வொரு பாதுகாப்பு அடுக்காகச் சேர்ந்துதான் இன்றைய நிலை வந்திருக்கிறது. ஆக, ஓடிபி வந்துவிட்டதே என்று இரண்டாவது கடவுச்சொல்லை அலட்சியமாக நினைக்க வேண்டாம். ஓடிபிக்கும் அதற்கும் வேலை வேறு.

கடைசியாக, பூட்டிவிட்டது என்று பதறும் அந்த நேரத்தைப் பற்றி. மோசடிக்காரர்களுக்கு அதைவிட நல்ல நேரம் இல்லை. பதற்றத்தில் நாம் இணையத்தில் வங்கியின் வாடிக்கையாளர் சேவை எண்ணைத் தேடுகிறோம். அங்கே முதலில் கண்ணில் படுவது போலி எண்ணாக இருக்கலாம். எதிர்முனையில் பேசுபவர் அன்பாக, 'இரண்டு பாஸ்வேர்டையும் சொல்லுங்க, திறந்து விடுறேன்' என்பார். வங்கி ஊழியர் யாருக்கும் உங்கள் கடவுச்சொல்லோ ஓடிபியோ தேவைப்படாது. எண் வேண்டுமானால் டெபிட் அட்டையின் பின்பக்கத்திலோ பாஸ்புக்கிலோ பாருங்கள்.

போலித் தளத்தைக் கண்டுபிடிக்கவும் இந்த இரண்டு கடவுச்சொல் முறையே உதவும். பயனர் பெயர், உள்நுழைவுச் சொல், பரிவர்த்தனைச் சொல் மூன்றையும் ஒரே பக்கத்தில் கேட்டால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். உள்ளே நுழைவதற்கு இரண்டாவது தேவையில்லை. பார்ப்பதற்கு மட்டும் வந்தவரிடம் கையெழுத்துக் கேட்பானேன்? அடுத்து முகவரியைப் பாருங்கள். நம் நாட்டு வங்கிகள் தங்கள் தளங்களை .bank.in என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி ஆணையிட்டிருந்தது. அந்த முடிவு வங்கிகளுக்கு மட்டுமே கிடைக்கும், வேறு யாரும் வாங்க முடியாது. முகவரி அப்படி முடிகிறதா என்று ஒரு பார்வை பார்ப்பதற்கு ஒரு நொடி போதும்.

அப்படியும் இரண்டையும் எங்கோ கொடுத்துவிட்டோம் என்று தோன்றினால், அப்போது பூட்டு நமக்கு நண்பன். பாரத ஸ்டேட் வங்கி போன்ற வங்கிகளின் உள்நுழைவுப் பக்கத்தில் நாமே நம் இணைய வங்கி அணுகலைப் பூட்டிக்கொள்ளும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள், வங்கிக்குச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கையின்படி, தவறு வங்கியிடமும் இல்லை, நம்மிடமும் இல்லை, வேறெங்கோ நடந்தது என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. ஆனால் கடவுச்சொல்லை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணத்துக்கு நாமே பொறுப்பு. தெரிவித்த பிறகு போவதற்கு வங்கி பொறுப்பு. ஆகவே எந்த நிலையிலும் விரைவில் தெரிவிப்பதே லாபம்.

நண்பர்களே, அடுத்த தடவை சக ஆசிரியர் ஒருவர் அக்கவுண்ட் லாக் ஆகிவிட்டது என்று வந்தால், முதலில் அவரிடம் கேளுங்கள்: உள்ளே போய் இருப்பைப் பார்க்க முடிகிறதா? முடிகிறது என்றால் முடங்கியது இரண்டாவது, உள்நுழைவுச் சொல்லைத் தொட வேண்டாம். முடியவில்லை என்றால், பிரவுசர் வைத்த புள்ளிகளை அழித்துவிட்டு ஒரு தடவை கையால் அடிக்கச் சொல்லுங்கள். பாதிப் பேர் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விடுவார்கள்.